8 மில்லியா, 5/16 அங்குலமா? பெயர் தெரியாத போல்டைக் கலிப்பரால் அளந்து அறிதல்

கேள்வி: அண்ணை, அப்பாவின்ர காலத்து இங்கிலாந்து மண்ணெண்ணெய் மெசின் ஒண்டு தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது. பம்ப் மூடியின்ர போல்ட் ஒண்டு எங்கயோ விழுந்திட்டுது. மற்றதைக் கழட்டிக் கலிப்பரில பிடிச்சா 7.85 காட்டுது. கடையில 8 மில்லி போல்ட் தந்தவை, ரெண்டு சுற்றுப் போய் இறுகுது. பழைய போல்டின்ர தலைக்கு 13 ஸ்பனர் ஏறாது, 14 போட்டா ஆடுது. இது என்ன போல்ட்? எப்பிடி அளந்து பிடிக்கிறது?

பதில்:

முதலில் அந்தப் புது போல்டைக் கையாலேயே கழற்றி எடுத்து வையுங்கள். ஸ்பனர் போட்டு ஒரு சுற்றுக்கூட இறுக்க வேண்டாம். கையால் திருப்பும்போது இரண்டு சுற்றில் நிற்கிற போல்ட் அந்த ஓட்டைக்கு உரியது அல்ல. ஸ்பனரால் தள்ளினால் அது உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் வார்ப்பில் உள்ள மரையைச் சீவிக்கொண்டு போகும்.

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 5/16 அங்குல விட்வேர்த், அதாவது பழைய இங்கிலாந்து மரைப் போல்ட். நம்மூர்க் கணக்கில் இரண்டரை நூல். இதை நான் சொல்வது 7.85 என்ற அளவை வைத்து அல்ல, 13 ஏறாது 14 ஆடும் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து. ஆனாலும் மரையின் இடைவெளியை அளக்காமல் முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் அதே தலையோடு பிஎஸ்எஃப் என்ற நெருக்க மரையும் இருக்கிறது.

விட்டத்தை மட்டும் பார்த்து 8 என்று சொன்ன கடைக்காரரில் பெரிய பிழை இல்லை. எம்8 போல்டின் விட்டம் பெயரில் 8.00 மில்லிமீற்றர் என்றாலும், உள்ளே சுழல இடம் வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் குறைத்துத்தான் செய்வார்கள். சாதாரணத் தரத்தில் 7.76 முதல் 7.97 வரை எதுவும் சரியான எம்8தான். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர். அதுவும் அதேபோலக் குறைத்துச் செய்யப்படுவதால் 7.7 முதல் 7.9 வரை வரும். ஆக 7.85 என்ற அளவு இரண்டு வீட்டுக்கும் சொந்தம். கலிப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டம் இந்த இரண்டையும் பிரித்துத் தராது. 6 மில்லியும் கால் அங்குலமும் (6.35) இப்படிக் குழப்பாது, 10 மில்லியும் 3/8 அங்குலமும் (9.53) குழப்பாது. நம்மூரில் அதிகம் புழங்கும் சிறிய அளவுகளில் இந்த ஒரு சோடிதான் இவ்வளவு ஒட்டி நிற்கிறது. ஓட்டைகள் பழுதாவதும் பெரும்பாலும் இதில்தான்.

விட்டம் சொல்லாததை மரையின் இடைவெளி சொல்லும். ஒரு மரையின் முடியிலிருந்து அடுத்த மரையின் முடிவரை உள்ள தூரம் எம்8 சாதாரண போல்டில் 1.25 மில்லிமீற்றர். 5/16 விட்வேர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது 1.41. 5/16 பிஎஸ்எஃப் என்றால் அங்குலத்துக்கு 22, அதாவது 1.155. அமெரிக்க வழி யூஎன்எஃப் என்றால் 24, அதாவது 1.06. விட்டத்தில் நூறில் சில பங்கு வித்தியாசத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, இங்கே பத்தில் ஒன்றரைப் பங்கு வித்தியாசம் கிடைக்கிறது. எம்8 போல்ட் இரண்டு சுற்றில் இறுகியதற்கும் இதுதான் காரணம்: சுற்றுக்குச் சுற்று 0.16 மில்லிமீற்றர் பிசகு சேர்ந்து, மரைகளுக்கு இடையில் விட்ட இடம் தீர்ந்ததும் பிடித்துக்கொள்கிறது.

அளக்க முன் போல்டைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் மரையின் வழியே தேய்த்தால் பள்ளத்தில் இறுகிய எண்ணெய்க் கறளும் துருவும் கழன்றுவிடும். கடற்காற்று படுகிற இடத்தில் கிடந்த போல்டில் துரு பொருமி நிற்கும். அதன் மேல் அளந்தால் விட்டம் கூடக் காட்டும், தேய்த்த பிறகு குறையக் காட்டும். கலிப்பரின் தாடைகளையும் துடைத்து மூடி, பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். மூடிய தாடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனியில் கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் நுனி தேய்ந்திருக்கிறது, அந்த நுனியால் பிடிக்கும் அளவில் பிசகு வரும். டிஜிற்றல் என்றால் இலக்கங்கள் துள்ளினாலோ மினுக்கினாலோ முதலில் பற்றரியை மாற்றுங்கள்.

விட்டத்தைத் தாடையின் நுனியால் பிடிக்காமல், அகன்ற பகுதியால் மூன்று நான்கு மரை முடிகள் மேல் படும்படி பிடியுங்கள். கால்வட்டம் திருப்பி இன்னொரு முறை பிடியுங்கள். தலைக்கு அருகில், நட்டோ ஓட்டையோ தொடாத மரை இருந்தால் அங்கே எடுக்கும் அளவுதான் உண்மையானது. நுனி மரைகள் அடிபட்டும் தேய்ந்தும் இருக்கும்.

இனி மரை இடைவெளி. ஒரே ஒரு இடைவெளியை அளக்க முயன்றால் தாடை வைக்கும் இடத்திலேயே பத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறிவிடும், அந்தத் தவறு 1.25க்கும் 1.41க்கும் இடையிலான வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஆகவே பல இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுக்க வேண்டும். கலிப்பரின் மேல்பக்கத்தில் ஓட்டையின் உள்விட்டம் அளக்கிற இரண்டு சிறிய கூரான தாடைகள் உண்டல்லவா, அவற்றின் முனைகளை மரைப் பள்ளங்களில் இருத்துங்கள். முனைக்கும் ஒரு தடிப்பு உண்டு, அது அளவில் சேர்ந்துகொள்ளும். அதைக் கழிக்க எளிய வழி, இரண்டு தடவை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது.

உங்கள் போல்டில் இப்படி வரும் என்று வைப்போம். ஒரு பள்ளத்தில் ஒரு முனையை வைத்து, அதிலிருந்து 5 மரை தள்ளி இருக்கும் பள்ளத்தில் மற்ற முனையை வைத்தால் 7.45. தொடக்கப் பள்ளத்தை மாற்றாமல், 15 மரை தள்ளி வைத்தால் 21.55. கழித்தால் 14.10. இடையில் உள்ளவை 10 இடைவெளிகள், ஆகவே ஒன்று 1.41. முனையின் தடிப்பு இரண்டு அளவிலும் ஒரேயளவு இருந்ததால் கழிபட்டுப் போய்விட்டது. 25.4ஐ 1.41ஆல் வகுத்தால் 18.01. அங்குலத்துக்கு 18 மரை, சந்தேகமே இல்லை. இதே கணக்கில் 12.5 வந்திருந்தால் எம்8, 11.5 வந்திருந்தால் பிஎஸ்எஃப்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, நல்ல வேலைக்காரரும் விழுகிற பொறி. தொடக்கப் பள்ளத்தை ஒன்று என்று எண்ணக் கூடாது, பூச்சியம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கிப் பத்தாவது பள்ளத்தில் நின்றால் இடையில் இருப்பது 9 இடைவெளிதான், 18 மரைப் போல்டில் அது 12.7 மில்லிமீற்றர். அதைப் பத்தால் வகுத்தால் 1.27. உடனே 1.25க்குக் கிட்ட வருகிறது, எம்8தான் என்று மனம் முடிவு கட்டிவிடும். பிழையான எண்ணிக்கை பிழையான போல்டையே சரியென்று காட்டுவது இந்த அளவில்தான். மேலே சொன்னபடி இரண்டு அளவைக் கழித்துப் பார்த்தால் இந்த ஆபத்தும் குறைகிறது, எண்ணிக்கையை மட்டும் பேனா முனையால் பள்ளம் பள்ளமாகத் தொட்டு எண்ணுங்கள்.

மரை குறைவான கட்டைப் போல்டில் இப்படி 15 தள்ளி வைக்க இடம் இருக்காது. அப்போது தெரிந்த போல்ட் ஒன்றைத் துணைக்கு எடுங்கள். கடையில் தந்த எம்8 உங்களிடம் இருக்கிறதே, அதையும் பழையதையும் மரையோடு மரை பொருத்தி, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே இடைவெளி என்றால் ஒன்றின் முடி மற்றதன் பள்ளத்தில் கடைசிவரை அமர்ந்து வெளிச்சம் அடைபட்டுப் போகும். 18 மரைப் போல்டும் எம்8ம் என்றால் முதல் இரண்டு மரை பொருந்தும், நாலாவது ஐந்தாவது அளவில் முடிமேல் முடி ஏறிப் போல்ட் விலகி நிற்கும், எட்டாவதில் மறுபடி பொருந்தி மறுபடி விலகும். அந்த வெளிச்சக் கீற்றைக் கண்டுவிட்டால் கணக்கே தேவையில்லை. மரை அளக்கும் சீப்பு வைத்திருக்கிற லேத் பட்டறைக்காரர் செய்வதும் இதையேதான்.

மரை ஏதோ ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி கூடக் காட்டினால் அந்தப் போல்ட் இழுபட்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கியவர்கள் யாரோ முன்னர் இருந்திருக்கிறார்கள். அதை மாதிரியாகவும் வைக்க வேண்டாம், திரும்பப் பூட்டவும் வேண்டாம்.

இப்போது தலை. அறுகோணத் தலையின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையே தாடையின் அகன்ற பகுதியால் அளந்து, மூன்று சோடியிலும் பெரியதை எடுங்கள். ஸ்பனர் வழுக்கிய மூலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், தட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் தேயாமல் இருக்கும். சாதாரண எம்8 தலை 13 மில்லிமீற்றர், அளந்தால் 12.75 முதல் 13.00 வரை. ஜப்பான் மோட்டார் சைக்கிள்களில் எம்8க்கு 12 தலை போடுவார்கள். 5/16 அமெரிக்க மரைக்கு அரை அங்குலம், 12.7. பழைய இங்கிலாந்து மரைக்கு 0.525 அங்குலம், அதாவது 13.3. உங்கள் 13 ஸ்பனர் ஏறாமல் நின்றதும் 14 ஆடியதும் இந்த 13.3ஆல்தான். அதற்குரிய ஸ்பனரில் 1/4 W என்று வெட்டியிருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்து ஸ்பனரில் எழுதியது தலையின் அளவல்ல, போல்டின் அளவு. ஒரு காலத்தில் 5/16 விட்வேர்த்துக்குத் தலை இன்னும் பெரிதாக, 0.600 அங்குலமாக இருந்தது. பிறகு இரும்பை மிச்சம் பிடிக்க ஒரு படி சிறிய தலை போட்டதால் கால் அங்குல ஸ்பனர் 5/16க்குச் சேர்கிறது. உங்கள் மெசினில் வேறு இடத்தில் 15.2 மில்லிமீற்றர் தலை கண்டால் அதுவும் 5/16தான், இன்னும் பழையது அவ்வளவே.

இவ்வளவு கலப்படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் ஒரு கொட்டிலைத் திறந்து பார்த்தால் போதும். 1841இல் விட்வேர்த் முன்வைத்த மரை பழைய இங்கிலாந்து மெசினில் இருக்கிறது. 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஒத்துக்கொண்ட யூஎன்சி, யூஎன்எஃப் மரைகள் மொறிஸ் மைனரிலும் மெசி பெர்குசன் 135இலும் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கிற ஜப்பான் பம்பும் மோட்டார் சைக்கிளும் முழுக்க மில்லிமீற்றர். மூன்றிலிருந்தும் கழன்ற போல்டுகள் ஒரே பால்மாப் பேணியில் கிடக்கும்.

யூஎன்சியும் விட்வேர்த்தும் இந்த அளவில் இரண்டுமே அங்குலத்துக்கு 18 மரை. மரையின் கோணம் மட்டும் வேறு, யூஎன்சி 60 பாகை, விட்வேர்த் 55 பாகை. கலிப்பர் கோணம் அளக்காது. ஆகவே இரண்டையும் பிரிக்கத் தலை அளவையும் மரையின் உருவத்தையும் பாருங்கள். விட்வேர்த்தின் முடியும் பள்ளமும் உருண்டு மழுங்கி இருக்கும், யூஎன்சியின் முடி தட்டையாக இருக்கும். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இங்கிலாந்தில் செய்த யூஎன்சி, யூஎன்எஃப் போல்டுகளில் ஒன்றையொன்று தொட்டபடி சிறு வட்டங்கள் பொறித்திருப்பார்கள், அது தெரிந்தால் விட்வேர்த் அல்ல. தலைமேல் ஆரம்போல மூன்று கோடோ ஆறு கோடோ இருந்தால் அமெரிக்கத் தர அடையாளம், 8.8 அல்லது 10.9 என்ற எண் இருந்தால் மில்லிமீற்றர். ஒன்றுமே இல்லாத வெறும் தலை எந்த வழியையும் உறுதி செய்யாது, ஆனால் அதை உரம் குறைந்த போல்டாக எடுத்து மெல்ல இறுக்குவதே புத்தி.

விட்வேர்த் கிடைக்காமல் 5/16 யூஎன்சிதான் கடையில் இருக்கிறது என்றால்? கையால் திருப்பினால் பெரும்பாலும் முழுதும் உள்ளே போகும். மரையின் சாய்வுப் பக்கம் முழுக்கத் தொடாமல் ஓரத்தில் மட்டும் தாங்கும் என்பதால் பிடி குறைவு. பம்ப் மூடி, தகட்டு மூடி, காப்பு போன்ற இடத்துக்கு இது ஓடும். கொனெக்ரிங் ரொட், சிலிண்டர் ஹெட் போன்ற இடத்துக்கு ஒருபோதும் போட வேண்டாம். இன்னொன்று, மெசினில் இரு பக்கமும் மரையுள்ள ஸ்ரட் எங்காவது இருந்தால் இரண்டு முனையையும் தனித்தனியே அளந்து பாருங்கள். வார்ப்புக்குள் போகிற முனை அகன்ற மரையாகவும் நட் போடுகிற முனை நெருக்க மரையாகவும் இருப்பது சாதாரணம்.

நீளத்துக்கு வருவோம். அறுகோணத் தலை, உருண்டைத் தலை என்றால் தலையின் அடியிலிருந்து நுனி வரை. தலை பொருளுக்குள் அமிழ்ந்து மட்டமாக நிற்கிற வகை என்றால் தலையையும் சேர்த்து. தலையே இல்லாத ஸ்குரூ என்றால் முழு நீளம். கலிப்பரின் பின்னால் வருகிற ஆழக்கோலை இதற்குப் பாவிப்பதைவிட, வெளித்தாடையின் ஒரு பக்கத்தைத் தலையின் அடியில் முட்டவைத்து அளப்பதே சரியாக வரும். உங்கள் போல்ட் 31.6 போல வந்தால் ஒன்றேகால் அங்குலம் (31.75), இதுவும் அங்குல வழிக்கு ஒரு சாட்சி. மில்லிமீற்றர் போல்டுகள் 25, 30, 35, 40 என்று படியாக வரும். நுனி அரத்தால் வெட்டியிருந்தால் நீளத்தை நம்ப வேண்டாம், யாரோ குறைத்திருக்கிறார்கள்.

மரை இருக்கிற பகுதியின் நீளத்தையும் வேறாகக் குறியுங்கள். மொத்த நீளம் சரியாக இருந்தும் மரையில்லாத கழுத்து நீண்டுவிட்டால், கழுத்து ஓட்டையின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கும். போல்ட் இறுகிவிட்டதுபோலத் தோன்றும், மூடியோ ஆடும்.

பம்ப் மூடி போல்டுகளில் பெரும்பாலானவை அடைத்த ஓட்டைக்குள் போகின்றன, அங்கே நீளம் கூடினாலும் ஆபத்து. ஓட்டைக்குள் இருக்கிற அழுக்கை வளைத்த கம்பியால் கிண்டி எடுத்துவிட்டு ஆழக்கோலை இறக்கிப் பாருங்கள். ஆழம் 25 என்று வைப்போம். மூடியின் காது 9.5, வாசர் 1.5, பக்கிங் 0.5, மொத்தம் 11.5. ஒன்றேகால் அங்குலப் போல்டில் உள்ளே போவது 31.75 − 11.5, அதாவது 20 சொச்சம். ஆழத்தின் அடியில் கடைசி இரண்டு மூன்று சுற்றுக்கு மரை முழுதாக வெட்டுப்பட்டிருக்காது என்று கழித்தாலும் இடம் காணும். கடையில் ஒன்றரை அங்குலம்தான் இருக்கிறது என்று வாங்கினால் 26.6 உள்ளே போக வேண்டும், 25 ஆழத்தில் அது அடியில் முட்டும். ஸ்பனருக்கு இறுக்கம் தெரியும், பக்கிங் அமத்துப்படாமல் தண்ணீர் ஒழுகும். இன்னும் இறுக்கினால் வார்ப்பு வெடிக்கும். ஒரு அங்குலப் போல்ட் என்றால் 14 மில்லிமீற்றர் உள்ளே போகும். வார்ப்பிரும்புக்கு அது தாராளம், அலுமினியத்துக்கும் விட்டத்தின் ஒன்றரை மடங்கான 12ஐத் தாண்டுவதால் போதும்.

கடைசியாக, அந்த எம்8 ஏறிய ஓட்டை. முதல் இரண்டு மரை கொஞ்சம் நசிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு, நன்றாக இருக்கிற பழைய போல்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். பிடித்தால் 5/16 விட்வேர்த் மரை வெட்டும் டப்பை வாயில் இரண்டு மூன்று சுற்று விட்டு எடுத்தால் சரியாகும். எம்8 டப்பை விட்டுச் சரிசெய்கிறேன் என்று யாரும் சொன்னால் கொடுக்க வேண்டாம். இருக்கிற 1.41 மரைக்குக் குறுக்கே 1.25 மரையை வெட்டினால் இரண்டும் கெட்டு, ஓட்டையில் பல்லே மிஞ்சாது. மரை ஏற்கெனவே போய்விட்டது என்றால், ஓட்டையைச் சுற்றி வார்ப்பு தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்து, 8.5 மில்லிமீற்றருக்குத் துளைத்து எம்10 மரை வெட்டலாம். 8.5 துளை பழைய மரையை அடியோடு எடுத்துவிடும். மூடியின் காதிலுள்ள ஓட்டையையும் அதற்கேற்ப 10.5 அல்லது 11க்குப் பெருப்பிக்க வேண்டும்.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் கேட்கும்போது "8 மில்லி போல்ட்" என்றோ "இரண்டரை நூல் போல்ட்" என்றோ மட்டும் கேட்காமல், "5/16 விட்வேர்த், அங்குலத்துக்கு 18 மரை, ஒன்றேகால் அங்குலம், தலைவரை மரை" என்று கேளுங்கள். பழைய போல்டையும் கொண்டு போய், தருகிற புதியதை அதன் மரையோடு பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அந்தப் பெட்டிகளில் எம்8ம் 5/16ம் கலந்து கிடப்பது வழக்கம். நாலு வாங்கினால் நாலையும் பாருங்கள்.